சுருங்கிய குமிழைப் பார்த்ததும் தண்ணீர் ஊற்றாதீர்கள்

ஆன்சிடியம் ஆர்க்கிட் வளர்க்கும் தோழி ஒருத்தி, பூத்து முடிந்து மூன்று மாதமான செடியைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தாள். அடியில் ஐந்து குமிழ்கள். ஐந்துமே பேரீச்சம்பழம் போலச் சுருங்கியிருந்தன. "தினமும் ரெண்டு வேளை ஊத்துறேன் அக்கா, அப்படியும் வாடுதே" என்றாள். வாடியதற்குக் காரணமே அந்த இரண்டு வேளைதான்.

ஆன்சிடியத்தின் அடியில் தட்டையாகப் புடைத்திருப்பது கிழங்கு அல்ல, தடித்த தண்டு. நீரையும் உணவையும் சேமித்து வைக்கும் இடம் அது. சேமிப்பு குறைந்தால் சுருங்கும். ஆனால் ஏன் குறைந்தது என்பதைக் குமிழ் சொல்லாது. தண்ணீர் போதாமல் வேர் காய்ந்தாலும் சுருங்கும். தண்ணீர் மிகுந்து வேர் அழுகினாலும் சுருங்கும், ஏனென்றால் உறிஞ்சுவதற்கு வேரே இல்லை. வெளியே தெரிவது ஒன்றுதான், வைத்தியம் நேர் எதிர். பலர் செய்யும் முதல் தவறு, வேரைப் பார்க்காமல் குமிழை மட்டும் பார்த்து முடிவெடுப்பது.

எந்தக் குமிழைப் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். பின்வரிசையில் இலை உதிர்ந்து நிற்கும் பழைய குமிழ்கள் புதுத் தளிருக்கும் பூவுக்கும் கொடுத்துக் கொடுத்து வற்றியவை. அவை கொஞ்சம் சுருங்கினால் கவலை இல்லை. பார்க்க வேண்டியது முன்னால் இருக்கும் கடைசி இரண்டை. புதுக் குமிழ் முந்தையதன் அளவாவது இருக்கிறதா? தோழியின் செடியில் ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறியது. ஆகவே தொல்லை இந்த மாதம் வந்ததல்ல.

சரி, வேர். ஆர்க்கிட் வேரின் மேலே பஞ்சு போன்ற உறை உண்டு, வெலாமன் என்பார்கள். காய்ந்திருக்கும்போது வெள்ளிச் சாம்பல் நிறம். நனைந்தால் உள்ளிருக்கும் பச்சை தெரியும். தண்ணீர் தெளித்துச் சில நிமிடத்தில் பச்சையாகிறதா, விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா, நுனியில் பளபளப்பான பச்சையோ சிவப்போ தெரிகிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் வேர் நலம். அப்படியிருந்தும் முன் குமிழ் சுருங்கினால் அது தாகம், தண்ணீரைக் கூட்டலாம். பழுப்பாகி, அழுத்தினால் நசுங்கி, இழுத்தால் உறை கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அது அழுகல்.

தோழியின் தொட்டியைக் கவிழ்த்தோம். தேங்காய் மட்டைத் துண்டுகள் மக்கிச் சேறாகியிருந்தன. கெட்டியான வேர் நான்குதான். நெருப்பில் காட்டிய கத்தரியால் அழுகியதை வெட்டினோம். ஐந்து குமிழ்களையும் பிரிக்காமல், அவை கொள்ளும் அளவுக்குச் சின்ன மண்தொட்டியில் கரித்துண்டு போட்டு வைத்தோம். குமிழின் அடிப்பாகம் கரிக்கு மேலே தெரிய வேண்டும். ஆடாமல் குச்சியில் கட்டி, நிழலில் வைத்து, கரி காய்ந்த பிறகே தண்ணீர். அவளுக்குப் பொறுக்கவில்லை, இருந்தும் கையைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த தளிர் வந்தது. அதன் முதல் இரண்டு இலைகளும் புடவைக் கொசுவம் போல மடிந்து மடிந்து வெளிவந்தன. பூச்சியோ நோயோ என்று பயந்து மருந்து வாங்கப் போனாள், தடுத்தேன். இலை விரியும் நேரத்தில் தண்ணீரோ காற்றின் ஈரப்பதமோ போதாவிட்டால் அது வழுக்கி வெளியே வராமல் சிக்கி மடிந்துவிடும். பாதி வேர் போன செடிக்கு இது எதிர்பார்த்ததுதான். அந்த மடிப்பு இனி நேராகாது. கையால் பிரித்தால் கிழியும். மடிந்த இலையும் உணவு தயாரிக்கிறது, வெட்டவும் வேண்டாம். அது இலை விரிந்த வாரங்களின் பதிவு, இன்றைய நிலை அல்ல. நடுவில் கடைசியாக வரும் இலையைப் பாருங்கள். அவள் செடியில் மூன்றாவது இலை நேராக வந்தது. அதே சமயம் தளிரின் அடியில் வெள்ளை வேர்களும் எட்டிப் பார்த்தன.

அந்த வேர்களில் இரண்டு தொட்டிக்கு வெளியே தொங்கின. "உள்ளே தள்ளிவிடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம். காற்றில் வளர்ந்த வேர் வளைத்தால் முறியும், ஈரக் கலவைக்குள் புதைத்தால் அழுகவும் கூடும். தண்ணீர் ஊற்றும்போது அவற்றையும் நனைத்தால் போதும்.

இந்தக் கணக்கை எல்லா ஆர்க்கிடுக்கும் போடாதீர்கள். ஃபலனாப்சிஸ், வாண்டா இரண்டிலும் குமிழே கிடையாது. அங்கே இலையின் தொய்வும் வேரும்தான் பேசும். டென்ட்ரோபியத்தில் கரும்பு போல நிற்கும் தண்டுதான் குமிழ். சில வகைகளில் இலை முழுதும் உதிர்ந்தாலும் அது உயிரோடிருக்கும். மொட்டைத் தண்டு என்று வெட்டிவிடுகிறார்கள், ஆனால் அடுத்த பூ அந்தத் தண்டின் கணுக்களிலிருந்தே வரலாம். பச்சையோ மஞ்சள் கலந்த பச்சையோ இருந்து, அழுத்தினால் கெட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள். அழுத்தும்போது மெத்தென்று அமுங்கி நீர் கசிந்தால் மட்டும் வெட்டுங்கள்.

தோழியின் ஆன்சிடியத்தில் பழைய குமிழ்களின் சுருக்கம் முழுதாகப் போகவில்லை. புதுக் குமிழ் பக்கத்தில் இருப்பதைவிடப் பெரிதாக, வழவழவென்று உருண்டு நிற்கிறது.