புது லைனின் கூலிக் கணக்கைத் திருத்திய விதம்

கோவையில் பம்ப் பொருத்தும் புது லைனுக்கான பணப்புழக்கக் கணிப்பு என் கைக்கு வந்தபோது, 100 பம்ப் கொண்ட ஒவ்வொரு லாட்டுக்கும் 256 மணி நேரக் கூலி என்று ஒரே எண் இருந்தது. 8 லாட்டின் சராசரியாக அது சரிதான். ஆனால் முதல் லாட்டுக்கே 500 மணி ஆகிவிட்டது.

பழைய லைனின் பதிவேட்டில், மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும்போதெல்லாம் சராசரி நேரம் 80 சதவீதமாக இறங்கியிருந்தது. விமானத் தயாரிப்பை வைத்து டி. பி. ரைட் என்ற பொறியாளர் 1936-இல் எழுதிய அதே கற்றல் வளைவு விதி. அதையே ஷீட்டில் போட்டேன்:

```
=500*A2*A2^(LN(0.8)/LN(2))
```

A2 என்பது லாட் எண். வரும் விடை அதுவரையிலான மொத்த மணி: 2 லாட்டுக்கு 800, 4-க்கு 1,280, 8-க்கு 2,048. கடைசி மொத்தம் பழைய கணக்கேதான், ஆனால் முதல் 2 லாட்டுக்கு 512-க்குப் பதில் 800. மணிக்கு 150 ரூபாய் என்றால் 43,200 ரூபாய் முன்கூட்டியே கையில் வேண்டும்.

செம்புக் கம்பி, வார்ப்பு விலையை இந்த வளைவில் சேர்க்கவில்லை. கை பழகுவதால் அவை குறையாது. மாதச் சம்பளக்காரர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. நேரம் மிச்சமானாலும் சம்பளம் அப்படியே போகும். ஓவர்டைம் குறைந்தால்தான் பணம் மிஞ்சும். அதனால் அவர்கள் கணக்கில் ஓவர்டைம் செலவுக்கு மட்டும் வளைவைப் பொருத்தினேன்.

அப்புறம், 8-வது லாட்டுக்குப் பிறகு நேரத்தை நிலையாக வைத்தேன். சோதனை மேடையில் பம்ப் ஓட வேண்டிய நேரத்தை யாராலும் சுருக்க முடியாது. 3-வது லாட்டுக்குக் கணக்குப்படி சுமார் 253 மணி. அதைவிட நிறைய கூடினால், மேசையில் புது ஆள் மாறியிருக்கிறாரா என்றுதான் முதலில் விசாரிப்பேன்.