காய்ச்சலில் குழந்தைக்கு வலிப்பு வந்தால்
முதலில் கடிகாரத்தைப் பாருங்கள், ஏனென்றால் அந்தப் பதற்றத்தில் ஒரு நிமிடம்கூட பத்து நிமிடம் போலத் தெரியும், மருத்துவரும் எவ்வளவு நேரம் என்றுதான் முதலில் கேட்பார். குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சிலோ வாந்தியோ தானாக வெளியே வழிந்துவிடும். கழுத்துப் பக்கம் இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம். வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர், மருந்து எதுவும் கூடாது (நாக்கை விழுங்கிவிடும் என்பது வெறும் பயம்). பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக நின்று, அப்புறம் குழந்தை அசந்து தூங்கும். 5 நிமிடம் தாண்டினாலோ, மூச்சு சரியில்லை என்றாலோ, மறுபடி வந்தாலோ உடனே ஆம்புலன்ஸ். முதல் முறை என்றால், நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.