ஈர்ப்பு மைய முறை: ஒரே ஒரு கிடங்கை எங்கே வைப்பது? பினாங்கு உதாரணத்தோடு

பல இடங்களுக்குச் சரக்கு அனுப்ப வேண்டும், கிடங்கு ஒன்றுதான் வைக்க முடியும், அதை எங்கே வைப்பது? இதற்குக் காகிதத்திலேயே போட்டுவிடக்கூடிய ஒரு கணக்கு உண்டு. ஈர்ப்பு மைய முறை என்பார்கள். ஒவ்வொரு ஊரும் தன் தேவை எவ்வளவோ அந்த அளவுக்குக் கிடங்கைத் தன் பக்கம் இழுக்கிறது, எல்லா இழுப்பும் சமமாகிற இடத்தில் புள்ளி விழுகிறது, அவ்வளவுதான் கருத்து. கணக்கு பத்து நிமிட வேலை. விடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள், அதனால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு, பினாங்கில் மசாலாத் தூள் அரைத்து மளிகைக் கடைகளுக்குப் போடும் ஒரு சிறு வியாபாரம் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 400 பெட்டி போகிறது, ஐந்து பகுதிகளுக்கு. பெட்டி எண்ணிக்கை நான் உதாரணத்துக்காகப் போட்டது, ஊர்கள் இருக்கும் இடம் நிஜம்.

முதல் வேலை: எடை

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு எண் வேண்டும், அதைத்தான் எடை என்கிறோம். இங்கே பலர் மாத விற்பனையை ரிங்கிட்டில் போட்டுவிடுகிறார்கள். அது வேண்டாம். ஏலக்காய் ஒரு பெட்டியும் மிளகாய்த் தூள் ஒரு பெட்டியும் வேனில் அடைக்கிற இடம் ஒன்றுதான், விலை மட்டும்தான் வேறு. வண்டிச் செலவு எதனால் ஏறுகிறதோ அதையே எடையாக எடுங்கள்: பெட்டி, கிலோ, இல்லாவிட்டால் நடை எண்ணிக்கை. எல்லா ஊருக்கும் ஒரே அலகு, ஒரே காலம். ஒன்றுக்கு வாரக் கணக்கு, இன்னொன்றுக்கு மாதக் கணக்கு என்று கலந்தால் விடை பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தப்பாக இருக்கும், அதை யாராலும் கண்டுபிடிக்கவும் முடியாது.

அடுத்து: ஆயங்கள்

கூகுள் மேப்ஸில் அந்த இடத்தில் மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் இரண்டு எண்கள் வரும். முதலில் வருவது அட்சரேகை, அதாவது வடக்கு தெற்கு. இரண்டாவது தீர்க்கரேகை, கிழக்கு மேற்கு. மூன்று தசம இடம் போதும், 0.001 பாகை என்பது இங்கே ஏறக்குறைய 111 மீட்டர். ஊர் முழுவதற்கும் ஒரு புள்ளி என்பதால் அதற்கு மேல் துல்லியம் பார்ப்பதில் அர்த்தமில்லை.

| ஊர் | பெட்டி | அட்சரேகை | தீர்க்கரேகை |
|---|---|---|---|
| ஜார்ஜ்டவுன் | 130 | 5.414 | 100.329 |
| பாயான் பாரு | 110 | 5.327 | 100.285 |
| பட்டர்வொர்த் | 70 | 5.399 | 100.364 |
| புக்கிட் மெர்தாஜாம் | 60 | 5.363 | 100.461 |
| நிபோங் திபால் | 30 | 5.166 | 100.478 |

இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் அட்சரேகையில் ஒரு பாகையும் தீர்க்கரேகையில் ஒரு பாகையும் ஏறக்குறைய ஒரே நீளம், இரண்டும் 111 கிலோமீட்டருக்குப் பக்கம். அதனால் தூரக் கணக்கு வரும்போது ஒரே எண்ணால் பெருக்கினால் போதும். லண்டனில் இருப்பவர் இப்படிச் செய்ய முடியாது, அங்கே தீர்க்கரேகைப் பாகை மிகவும் சுருங்கிவிடும்.

இப்போது கணக்கு

ஒவ்வொரு ஊரின் அட்சரேகையையும் அதன் பெட்டி எண்ணிக்கையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தப் பெட்டியால் வகுக்க வேண்டும். தீர்க்கரேகைக்கும் அதே. கையால் போடுபவர்கள் 5-ஐயும் 100-ஐயும் தள்ளி வைத்துவிட்டுத் தசமப் பகுதியை மட்டும் எடுத்தால் எண்கள் சிறிதாகும், கடைசியில் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

அட்சரேகைக்கு: 130 × 0.414 = 53.82, 110 × 0.327 = 35.97, 70 × 0.399 = 27.93, 60 × 0.363 = 21.78, 30 × 0.166 = 4.98. கூட்டினால் 144.48. அதை 400-ஆல் வகுத்தால் 0.361, ஆக 5.361. தீர்க்கரேகைக்கு இதேபோல் கூட்டுத்தொகை 141.60 வரும், வகுத்தால் 0.354, ஆக 100.354.

எக்செலில் ஊர் A, பெட்டி B, அட்சரேகை C, தீர்க்கரேகை D என்று போட்டிருந்தால் இரண்டே வரி:

```
=SUMPRODUCT(B2:B6,C2:C6)/SUM(B2:B6)
=SUMPRODUCT(B2:B6,D2:D6)/SUM(B2:B6)
```

விடை வந்ததும் ஒரு சோதனை. அட்சரேகை விடை, பட்டியலில் உள்ள மிகச் சிறிய எண்ணுக்கும் மிகப் பெரிய எண்ணுக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும், தீர்க்கரேகையும் அப்படியே. வெளியே போனால் எங்கோ ஒரு வரிசை விட்டுப்போயிருக்கிறது. மேப்ஸில் ஒட்டும்போது இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டால், அட்சரேகை 90-ஐத் தாண்டவே தாண்டாது என்பதால் 100.354-ஐ அது ஏற்றுக்கொள்ளாது, அப்போதே தெரிந்துவிடும்.

சரி, 5.361, 100.354 என்று சரியாகவே போட்டுப் பார்த்தால்? கடல். பினாங்குப் பாலத்தின் நடுப்பகுதிக்குச் சற்று வடக்கே, தீவுக்கும் பெருநிலக் கரையில் உள்ள பிறை என்ற ஊருக்கும் இடையில், தண்ணீருக்கு நடுவில் புள்ளி நிற்கிறது.

கடலில் விழுந்தால் கணக்கு தப்பா?

இல்லை. பட்டியலின் முதல் இரண்டு ஊர்கள் தீவில், மற்ற மூன்றும் பெருநிலத்தில் என்று கடலின் இரு கரையிலும் இருக்கின்றன, சராசரி எடுத்தால் நடுவில்தான் விழும். இந்த முறைக்குக் கடலும் தெரியாது, மலையும் தெரியாது, பாலம் எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது. அதற்குத் தெரிந்தது நேர்கோடு மட்டும்.

இன்னொரு விஷயத்தைப் பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் ஒரு வரியில் முடித்துவிடும், ஆனால் முக்கியமானது அதுதான். இந்தப் புள்ளி மொத்தத் தூரத்தைக் குறைக்கிற புள்ளி அல்ல. தூரத்தின் *வர்க்கத்தை* எடையால் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகையைத்தான் அது குறைக்கிறது. வண்டிக்கு டீசல் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்றுதான் போகிறது, கிலோமீட்டரின் வர்க்கத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. வர்க்கம் என்று வந்தவுடன் தூரத்தில் இருக்கும் ஊர் தன் தகுதிக்கு மீறி இழுக்கும். நம் கணக்கில் நிபோங் திபாலுக்கு 400-ல் 30 பெட்டிதான். அதை மட்டும் நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கள், விடை 5.377, 100.344 ஆகிறது, அதாவது புள்ளி வடமேற்காக ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நகர்ந்துவிடுகிறது. முப்பது பெட்டிக்காரருக்கு இவ்வளவு இழுப்பு.

இதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு, அதற்குப் பெயர் வைஸ்ஃபெல்ட் முறை, 1937-ல் வந்தது. இப்போது கிடைத்த புள்ளியிலிருந்து ஒவ்வொரு ஊருக்கும் நேர்கோட்டுத் தூரம் காணுங்கள்:

```
=SQRT((C2-5.361)^2+(D2-100.354)^2)*111
```

ஜார்ஜ்டவுனுக்கு 6.5 கிலோமீட்டர், பாயான் பாருவுக்கு 8.5, பட்டர்வொர்த்துக்கு 4.4, புக்கிட் மெர்தாஜாமுக்கு 11.9, நிபோங் திபாலுக்கு 25.7 என்று வரும். இப்போது பெட்டியை அந்தத் தூரத்தால் வகுத்து வருவதைப் புதிய எடையாக வைத்து, அதே சராசரியைத் திரும்பப் போட வேண்டும். நிபோங் திபாலின் எடை 1.17 ஆகச் சுருங்குகிறது, ஜார்ஜ்டவுனுக்கு 20. புதிய புள்ளி 5.379, 100.344. பெட்டியைத் தூரத்தால் பெருக்கிக் கூட்டினால் முதல் புள்ளிக்குச் சுமார் 3,570 வந்தது, இதற்குச் சுமார் 3,350, ஆறு சதவீதம் குறைவு. புள்ளி நகர்வது நிற்கும்வரை இதையே திருப்பித் திருப்பிச் செய்யலாம். ஆனால் இந்த இடமும் கடல்தான், அதனால் நான் இங்கேயே நிறுத்திக்கொள்வேன். நாம் கரைக்கு வந்தாக வேண்டும், அந்த மாற்றத்துக்கு முன்னால் சில நூறு மீட்டர் துல்லியம் ஒன்றுமில்லை.

கரையேறுவது

புள்ளி நமக்குச் சொல்வது இதுதான்: பாலத்தின் இரண்டு முனைகளையும் பார். தீவுப் பக்கம் கெலுகோர், பெருநிலப் பக்கம் பிறை. பத்து மாவுங்கிலிருந்து பத்து காவானுக்குப் போகும் இரண்டாவது பாலம் இந்தப் புள்ளிக்கு வெகு தெற்கே இருப்பதால் அதை விட்டுவிடலாம். ஃபெர்ரியையும் நம்ப முடியாது, இப்போது அது ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும்தான் ஏற்றுகிறது, வேனை ஏற்றாது.

இனி நேர்கோடு வேண்டாம், சாலைத் தூரம். நான் எடுத்தவை தோராயமானவை, நீங்கள் பார்க்கும்போது ஒன்றிரண்டு கிலோமீட்டர் மாறலாம். கெலுகோரிலிருந்து ஜார்ஜ்டவுனுக்கும் பாயான் பாருவுக்கும் 7, பட்டர்வொர்த் 20, புக்கிட் மெர்தாஜாம் 23, நிபோங் திபால் 42. பிறையிலிருந்து ஜார்ஜ்டவுன் 20, பாயான் பாரு 19, பட்டர்வொர்த் 7, புக்கிட் மெர்தாஜாம் 11, நிபோங் திபால் 28. பெட்டியால் பெருக்கிக் கூட்டினால் கெலுகோருக்கு 5,720, பிறைக்கு 6,680. கெலுகோர் ஜெயிக்கிறது.

இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டுத் தீவில் கிடங்குக்கு இடம் பிடித்துவிடாதீர்கள். வித்தியாசம் 960 என்று பெரிதாகத் தெரிகிறதே தவிர, அது பெட்டி கிலோமீட்டர். ஒரு வேனில் 40 பெட்டி ஏறும் என்றால் 960-ஐ 40-ஆல் வகுக்க வேண்டும், 24 கிலோமீட்டர். போக வர 48. வாரம் முழுவதற்கும் ஒரு வேன் கூடுதலாக ஓடுவது அவ்வளவுதான். டோல் பார்த்தால், பாலத்தில் தீவுக்குள் வரும்போது மட்டும்தான் வசூலிக்கிறார்கள், ஆகவே எந்தக் கரையிலிருந்து கிளம்பினாலும் ஒரு நடைக்கு ஒரு டோல். கெலுகோரில் இருந்தால் பெருநிலத்தின் 160 பெட்டிக்கு வாரம் 4 நடை பாலம் கடக்க வேண்டும், பிறையில் இருந்தால் தீவின் 240 பெட்டிக்கு 6 நடை. வாரத்துக்கு இரண்டு டோல் கூடுதல்.

ஆக, 48 கிலோமீட்டர் டீசல், இரண்டு டோல், அந்த இரண்டு நடைக்கு ஓட்டுநரின் நேரம். தீவில் இடத்துக்கு வாடகை பொதுவாகவே கூடுதல். இரண்டு கரையிலும் ஒரே அளவு இடத்துக்கு மாத வாடகை விசாரித்து, வித்தியாசத்தை நான்கால் வகுத்து இந்தச் செலவோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் பிறைதான் மிஞ்சும் என்பது என் ஊகம்.

ஆனால் இது வேன் நிரம்பிப் போகும் சரக்குக்குத்தான் பொருந்தும். மசாலாத் தூள் வாரக்கணக்கில் தாங்கும், காத்திருந்து நிரப்பி அனுப்பலாம். தோசை மாவு போல அன்றாடம் போக வேண்டிய பொருளாக இருந்தால் வேன் பாதி காலியாகவே பாலம் ஏறும், பெட்டியை எடையாக வைத்த கணக்கு அங்கே செல்லாது. நடை எண்ணிக்கையை எடையாக வைத்து அட்டவணையை முதலிலிருந்து போட வேண்டும்.