கரண்ட் கணக்கு இரட்டிப்பாக வந்தது: என் அனுபவம்

காரைக்குடியில் எங்கள் வீட்டின் ஓராண்டு கார்பன் அளவைக் கணக்கிட்டு, குறைக்கும் வழியும் சொல்ல வேண்டும். இதுதான் சுற்றுச்சூழல் பாட அசைன்மென்ட். மூன்று நாள் இதிலேயே போனது.

பில்லில் 420 யூனிட். அதை 12-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 5,040, அதாவது நாளுக்குச் சுமார் 14 யூனிட். ஆனால் ஃபேன், ஃபிரிட்ஜ், கிணற்று மோட்டார் என்று ஒவ்வொன்றாக வாட்டையும் நேரத்தையும் பெருக்கிக் கூட்டினால் 7-ஐத் தாண்டவில்லை. ஃபிரிட்ஜ் பழசு என்று நினைத்தேன். மோட்டாரை ஒரு நாள் நிறுத்தி மீட்டரைப் பார்த்தேன். பெரிய வித்தியாசமில்லை.

அப்புறம் மீட்டர் பெட்டியில் செருகியிருந்த வெள்ளை அட்டையை எடுத்தேன். ரீடிங் தேதிகள் பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று இருந்தன. "ரெண்டு மாசத்துக்கு ஒருக்காதானேப்பா கணக்கெடுக்க வர்றாக" என்றார் அப்பத்தா. பெருக்க வேண்டியது 6-ஆல். 2,520 யூனிட்; யூனிட்டுக்கு 0.7 கிலோ வைத்தால் 1,764 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நாளுக்கு 6.9 யூனிட், என் கூட்டலோடு பொருந்தியது. நிம்மதி!

பில் தொகையிலிருந்து யூனிட்டைப் பின்னோக்கிக் கணக்கிடவும் கூடாது. முதலில் வரும் சில யூனிட் இலவசம் என்பதால் அது தொகையில் தெரியாது.

குறைப்புக்கு ஃபேனை எடுத்துக்கொண்டேன். வளவில் ஓடும் மூன்று 75 வாட் ஃபேன்களை 28 வாட் பிஎல்டிசி ஃபேன்களாக மாற்றினால், தினம் 10 மணி நேரம், 300 நாளுக்கு 423 யூனிட் மிச்சம். கிட்டத்தட்ட 296 கிலோ.