எஃகுக் கப்பல் மிதப்பதும் நன்னீரில் தாழ்வதும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலிலிருந்து வரும் சரக்குக் கப்பல் ஆற்று முகத்துவாரத்துக்குள் நுழைந்ததும் கொஞ்சம் கீழே இறங்கும். பெரிய கப்பலானால் ஒரு சாண் அளவுக்குக்கூட இறங்கும். இடையில் ஒரு மூட்டை சரக்குகூட ஏறியிருக்காது. ஏன் என்று கேட்டால், "உப்புத் தண்ணீர் அதிகமாகத் தாங்கும், நல்ல தண்ணீர் குறைவாகத் தாங்கும்" என்ற பதில் வரும். கேட்பதற்குச் சரியாகத் தோன்றும் இந்தப் பதிலிலிருந்துதான் பல கணக்குப் பிழைகள் கிளைக்கின்றன.

கப்பலின் எடை 50,000 டன் என்றால் கடலில் தண்ணீர் அதை 50,000 டன் அளவுக்கு மேலே தள்ளுகிறது. ஆற்றிலும் அதே 50,000 டன்தான். அதற்குக் குறைந்தால் கப்பல் மூழ்கிவிடும். ஆக, தாங்கும் விசை இரண்டு இடத்திலும் ஒன்றே. மாறுவது, அந்த விசையைப் பெறக் கப்பல் எவ்வளவு தண்ணீரை விலக்க வேண்டும் என்பது. நன்னீர் லேசானது, அதனால் கூடுதலான கன அளவை விலக்க வேண்டும், அதற்காகக் கப்பல் கீழே இறங்குகிறது. எடை மாறாது, கன அளவு மாறும். இதை விடாமல் பிடித்துக்கொண்டால் பாதித் தவறுகள் வராது.

முதலில் எஃகு எப்படி மிதக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். கப்பலுக்குள் இருக்கும் காற்றுதான் அதைத் தூக்கிப் பிடிக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். காற்று எதையும் தூக்குவதில்லை. வெற்றிடமாகவே இருந்தாலும், அழுத்தம் தாங்கும் உறுதி உடலுக்கு இருந்தால், கப்பல் மிதக்கத்தான் செய்யும். தண்ணீர் உள்ளே வராதபடி அந்த இடத்தை உடல் அடைத்து வைத்திருக்கிறது என்பதுதான் முக்கியம்.

ஒரு டன் எஃகை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டியாக இருந்தால் அதன் கன அளவு சுமார் 0.127 கனமீட்டர். முழுதும் மூழ்கினாலும் அது விலக்கும் கடல்நீர் ஏறத்தாழ 130 கிலோதான். எடை 1000 கிலோ, கிடைக்கும் உந்துதல் 130 கிலோ. நேராகத் தரைக்குப் போய்விடும். அதே எஃகை 5 மில்லிமீட்டர் தகடாக அடித்தால் சுமார் 25 சதுரமீட்டர் வரும். அதைக் கொண்டு 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் உள்ள அடிப்பரப்பும், ஏறக்குறைய 1.35 மீட்டர் உயரச் சுவர்களும் கொண்ட திறந்த பெட்டி செய்யலாம். கடலில் இறக்கினால் அது 11 சென்டிமீட்டர்தான் அமிழும். அதற்குள் ஒரு டன் கடல்நீரை விலக்கிவிடுகிறது. மீதிச் சுவர் முழுவதும் சரக்குக்கான இடம். எஃகு மாறவில்லை, வடிவம் மாறியிருக்கிறது. சுவரில் ஓட்டை விழுந்து தண்ணீர் உள்ளே ஏறினால், விலக்கி வைத்திருந்த இடம் பறிபோகிறது. பெட்டி மறுபடியும் வெறும் எஃகாகிவிடுகிறது.

ஆழ்கடலில் தண்ணீர் நிறைய இருப்பதால் கப்பல் அங்கே நன்றாக மிதக்கும் என்பது இன்னொரு தவறான எண்ணம். அடியில் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்பதற்கும் மிதப்பதற்கும் தொடர்பில்லை. கப்பலின் உடலை ஒட்டிச் சுற்றிலும் கொஞ்சம் இடைவெளி மட்டுமே உள்ள உலர்துறையிலும், கப்பலின் எடையைவிடக் குறைவான தண்ணீரிலேயே அது மிதக்கும்.

இனி உப்பு விஷயம். கடல்நீரில் எடைக்கணக்கில் சராசரியாக 3.5 சதவீதம் உப்பு. அதனால் கடல்நீர் 3.5 சதவீதம் கனமானது என்று எழுதுபவர்கள் உண்டு. உப்பு கரையும்போது தண்ணீரின் கன அளவும் சற்றுக் கூடுவதால் அடர்த்தி அந்த அளவு ஏறுவதில்லை. கப்பல் துறையில் கடல்நீருக்குக் கனமீட்டருக்கு 1025 கிலோ, நன்னீருக்கு 1000 கிலோ என்று வைத்துக் கணக்கிடுவார்கள். வித்தியாசம் 2.5 சதவீதம்.

அந்த 2.5 சதவீதத்தை எதன்மேல் போடுவது என்பதில் அடுத்த தவறு. கப்பலின் அடிப்பகுதி தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் ஆழத்தை டிராஃப்ட் என்பார்கள். டிராஃப்ட் 11 மீட்டர் என்றால் அதில் 2.5 சதவீதம், அதாவது 27.5 சென்டிமீட்டர் இறங்கும் என்று சொல்லிவிடுகிறார்கள். செங்குத்தான சுவர் கொண்ட பெட்டிக்கு இது சரி. 100 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 10,250 டன் எடை உள்ள பெட்டிப் படகு கடலில் 10,000 கனமீட்டர் விலக்கி 5 மீட்டர் அமிழும். நன்னீரில் 10,250 கனமீட்டர் விலக்கி 5.125 மீட்டர் அமிழும். கச்சிதமாக 2.5 சதவீதம்.

உண்மையான கப்பல் அடியில் குறுகி மேலே விரிந்திருக்கும். கூடுதலாக விலக்க வேண்டிய தண்ணீர் நீர்மட்டத்தில், அகலமான பகுதியில் இடம் பிடிப்பதால், இறங்க வேண்டிய ஆழம் குறையும். இதற்காகத்தான் கப்பலின் ஆவணங்களில் ஒரு எண் தரப்பட்டிருக்கும்: டிராஃப்ட் ஒரு சென்டிமீட்டர் கூட எத்தனை டன் ஏற்ற வேண்டும் என்பது. கடலில் 50,000 டன் எடையுடன் 11 மீட்டர் டிராஃப்டில் நிற்கும் கப்பலுக்கு அந்த எண் 50 டன் என்று கொள்வோம். மொத்த எடையை அந்த எண்ணின் நான்கு மடங்கால் வகுத்தால் நன்னீரில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கும் என்று கிடைக்கும். 50,000 ÷ 200 = 250. ஆக 25 சென்டிமீட்டர். பெட்டிக் கணக்கு சொன்னதைவிட 2.5 சென்டிமீட்டர் குறைவு. சிறியதாகத் தெரிந்தாலும் இந்தக் கப்பலில் அது 125 டன் சரக்கு. இந்த 25 சென்டிமீட்டர், கோடையில் கடலில் அமிழ அனுமதிக்கும் எல்லையான கோடைக்காலக் கோடு வரை கப்பல் ஏற்றியிருக்கும்போது பொருந்தும் எண். பாதி காலியாக இருக்கும்போது எடையும் வேறு, அந்த டன் கணக்கும் வேறு; மறுபடி கணக்கிட வேண்டும்.

கோடுகள் என்றதும் நினைவுக்கு வருவது, எதுவரை அமிழலாம் என்று காட்டக் கப்பலின் பக்கவாட்டில் வரைந்திருக்கும் பிளிம்சால் குறி. அளவுக்கு மீறி ஏற்றிய கப்பல்களால் மாலுமிகள் சாவதைத் தடுக்கச் சாமுவேல் பிளிம்சால் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் போராடியதன் பேரில், 1876-இல் அந்நாட்டில் சட்டமாக வந்தது அது. அந்தக் குறியில் உள்ள வட்டத்துக்குப் பக்கத்தில் கோடை, குளிர்காலம், வெப்பமண்டலம், நன்னீர், வெப்பமண்டல நன்னீர் என்று தனித்தனிக் கோடுகள் இருக்கும். வெப்பமண்டலக் கோடு கோடைக்கோட்டைவிட உயரத்தில் இருப்பதைப் பார்த்து, "சூடான தண்ணீர் லேசானது, கப்பல் தாழும், அதற்காகத்தான் இது" என்று விளக்குவது மிகப் பரவலான பிழை. அந்தக் கோடு வானிலைக்காகப் போடப்பட்டது. புயலும் பெரிய அலையும் குறைந்த பகுதி என்பதால், கோடைக்கால டிராஃப்டில் 48-இல் ஒரு பங்கு கூடுதலாக அமிழ ஏற்றிக்கொள்ள அனுமதி. குளிர்காலக் கோடு அதே 48-இல் ஒரு பங்கு கீழே இருப்பதும் அலைகளை எண்ணித்தான். நம் கப்பலுக்கு அது சுமார் 23 சென்டிமீட்டர். நன்னீர்க் கணக்கு 25 சென்டிமீட்டர். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருவதால் குழப்பம் இன்னும் எளிதாகிறது. ஆனால் வெப்பமண்டலக் கோடு சரக்கு கூடுவதற்கான அனுமதி. நன்னீர்க் கோடு அப்படியில்லை. கடலில் எந்த எடையில் கோடைக்கோட்டில் நிற்குமோ, அதே எடையில் நன்னீரில் எங்கே நிற்கும் என்பதைத்தான் அது காட்டுகிறது.

வெப்பத்தால் அடர்த்தி குறைவதும் உண்மைதான். அதை மறப்பது வேறொரு தவறு. பனாமா கால்வாயின் நடுவே உள்ள கட்டுன் ஏரி நன்னீர் ஏரி, வெதுவெதுப்பானதும்கூட. அதற்கு எடுத்துக்கொள்ளும் அடர்த்தி, 29.4 பாகை செல்சியஸில், கனமீட்டருக்கு 995.4 கிலோ. நன்னீர் என்றாலே 1000 என்று போட்டு நம் கப்பலை அனுப்பினால் 25 சென்டிமீட்டர் தாழும் என எதிர்பார்ப்போம். உண்மையில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தாழும். அங்கே அனுமதிக்கும் அதிகபட்ச டிராஃப்டையே வெப்பமண்டல நன்னீருக்கான அளவாகத்தான் அறிவிக்கிறார்கள். கடலில் பார்த்த டிராஃப்டை அதனோடு நேரடியாக ஒப்பிட்டால், கால்வாய் வாசலில் சரக்கை இறக்க வேண்டிய நிலை வரும்.

நடைமுறையில் பெரும்பாலான துறைமுகத் தண்ணீர் முழுக் கடலுமல்ல, முழு ஆறுமல்ல. அடர்த்தி 1010 உள்ள துறையில் நம் கப்பல் சரக்கு ஏற்றுகிறது என்று வையுங்கள். கடலுக்கும் நன்னீருக்கும் இடையே உள்ள 25 கிலோ வித்தியாசத்தில் இங்கே 15 கிலோ. எனவே 25 சென்டிமீட்டரில் 25-இல் 15 பங்கு, அதாவது 15 சென்டிமீட்டர். துறையில் கோடைக்கோடு 15 சென்டிமீட்டர் தண்ணீருக்குள் போகும்வரை ஏற்றலாம். கடலுக்குப் போனதும் கப்பல் எழும்பி, கோடு சரியாக நீர்மட்டத்துக்கு வந்துவிடும். இதைத் தெரியாமல் துறையிலேயே கோட்டோடு நிறுத்திக்கொண்டால் சுமார் 740 டன் சரக்கு கரையில் நின்றுவிடும்.

ஆபத்தான பிழை இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. அடர்த்தியை ஹைட்ரோமீட்டரால் அளப்பார்கள். ஒரு வாளியை மேலாக வீசி, கிடைத்த தண்ணீரை அளந்துவிட்டுப் போவது வழக்கமாகிவிடுகிறது. ஆற்று நீர் லேசானது என்பதால் மேலே படர்ந்திருக்கும். கடல்நீர் அடியில் ஆப்பு போல நுழைந்திருக்கும். கப்பலோ இரண்டிலும் அமிழ்ந்திருக்கிறது. மேல்மட்டத்தில் 1005 என்று காட்டினால் 20 சென்டிமீட்டர் சலுகை எடுத்துக்கொள்வார்கள். சராசரி 1010 என்றால் உரிமை 15-தான். கடலுக்குப் போன பிறகும் கோடு 5 சென்டிமீட்டர் மூழ்கியே இருக்கும். ஏறத்தாழ 250 டன் அதிகச் சுமை. ஆகவே மேலே, நடுவே, கப்பலின் அடிமட்டத்துக்குப் பக்கத்தில் என மூன்று ஆழத்தில், கரைப்பக்கமும் எதிர்ப்பக்கமும் மாதிரி எடுக்க வேண்டும். கப்பலிலிருந்து தண்ணீர் வெளியேறும் துளைகளுக்கு அருகில் எடுக்கக் கூடாது. காலையில் அளந்ததை மாலைக்கு நம்பவும் கூடாது. ஓதம் ஏறி இறங்கும்போது அடர்த்தியும் மாறும். டிராஃப்டைப் படிக்கும் நேரமும் மாதிரி எடுக்கும் நேரமும் ஒன்றாக இருப்பது நல்லது.

திரும்பி வரும் பயணத்தில் இதே கணக்கு தலைகீழாகிறது. கடலில் 11 மீட்டர் டிராஃப்டோடு வருகிற கப்பல் ஆற்றுக்குள் 11.25 மீட்டர் ஆகும். ஆற்றுப் பாதையின் ஆழம் 12 மீட்டர் என்றால், அடியில் 1 மீட்டர் இருக்கும் என்று நினைத்த இடத்தில் 75 சென்டிமீட்டர்தான் இருக்கும். அதுவும் முன்பக்கமும் பின்பக்கமும் சமமாக இறங்கும் என்று வைத்துச் சொன்னது. கப்பலின் முனை கூர்மை, பின்பகுதியின் வடிவம் வேறு. புதிதாக அமிழும் பகுதியின் நடுப்புள்ளி ஏற்கெனவே அமிழ்ந்திருந்த பகுதியின் நடுப்புள்ளியான பழைய மிதப்பு மையத்துக்கு நேர் மேலே விழாது. அதனால் இறங்கும்போதே கப்பல் சில சென்டிமீட்டர் முன்னோ பின்னோ சாயும். எந்த முனை ஆழமாகிறதோ, அந்த முனையின் டிராஃப்டை வைத்துத்தான் அடியில் மிச்சமிருக்கும் இடைவெளியைப் பார்க்க வேண்டும்.