பத்தில் முதல் மூன்றை விட்டுவிடுங்கள்

வாடகைக்குப் பத்து வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்த இடத்திலேயே முடிவு சொல்ல வேண்டியிருந்தால், முதல் மூன்றை எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிட்டு, அவற்றில் சிறந்ததையும் மிஞ்சும் முதல் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திலும் மிகச் சிறந்த வீடே கிடைக்கும் வாய்ப்பு இதில் ஏறத்தாழ 40 சதவீதம்; கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தேர்ந்தால் அது 10 சதவீதமே.

முதல் மூன்று வீடுகள் நமக்கு அளவுகோலாகின்றன: இரண்டாவது சிறந்த வீடு அவற்றுள் இருந்து, முதலிடத்து வீடு பின்னால் வருமானால், இடையில் வரும் எதுவும் அளவுகோலைத் தாண்டாது என்பதால் வெற்றி உறுதி. அளவுகோல் அதைவிடத் தாழ்ந்திருந்தாலும், அதைத் தாண்டும் முதல் வீடே முதலிடத்து வீடாக அமைவது உண்டு. எண்ணிக்கை பெருகினால் ஏறத்தாழ 37 சதவீதத்தை விட வேண்டும். வெற்றி வாய்ப்பும் அதே 37 சதவீதத்தை நெருங்கும்.

ஆனால் மிகச் சிறந்த வீடு முதல் மூன்றுக்குள்ளேயே இருந்துவிட்டால், அதற்கான வாய்ப்பு 30 சதவீதம், கடைசி வீடு எப்படி இருந்தாலும் அதுவே நம் தலையில் விழும். மேலும், வீடுகள் எந்த ஒழுங்கும் இன்றி வர வேண்டும். தரகர் மட்டமானவற்றை முதலில் காட்டி நம் எதிர்பார்ப்பைக் குறைப்பவராக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. பார்த்த வீட்டுக்குத் திரும்பிப் போக முடியுமானால் இந்த விதியே தேவையில்லை. முதலிடம்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாமல், நல்ல வீடு கிடைத்தால் போதும் என்பவர்கள் மூன்றுக்கும் குறைவாக விடுவதே நலம்.