வெளியே சிவந்து உள்ளே வேகாத பக்கோடா: எண்ணெய்ச் சூட்டைப் பிடிப்பது எப்படி?

கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி விடுதி. ஞாயிறு மாலை மெஸ்ஸில் டீ மட்டும்தான், பலகாரம் கிடையாது. வெளியே நல்ல மழை. இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் மாஸ்டரிடம் கேட்டு ஒரு அடுப்பை வாங்கிக்கொண்டு வெங்காயப் பக்கோடா போட இறங்கினான்.

கடலை மாவை இட்லி மாவுப் பதத்துக்குக் கரைத்து, நறுக்கிய வெங்காயத்தைப் போட்டுக் கலக்கினான். அடுப்பை முழுத் தீயில் வைத்தான். எண்ணெய் லேசாகப் புகைய ஆரம்பித்ததும் எலுமிச்சம்பழ அளவில் மாவை விட்டான். ஒன்றரை நிமிடத்தில் நல்ல செம்பழுப்பு. எடுத்துப் பிட்டுப் பார்த்தால் நடுவில் மஞ்சளாக, விரலில் ஒட்டுகிற மாவு. கடலை மாவின் பச்சை வாடையும் போகவில்லை.

சூடு அதிகம் போல என்று அடுத்த ஈட்டுக்கு அடுப்பைச் சிம்மில் வைத்தான். ஆறு நிமிடம் ஆகியும் நிறம் வரவில்லை. வெளியே எடுத்து அழுத்தினால் எண்ணெய் வடிந்தது. நடு இன்னும் கொழகொழவென்றுதான் இருந்தது.

"மேல சிவந்ததும் எடுத்துட்டியா கண்ணு?" என்றார் மாஸ்டர். "மேல சிவக்க ஒரு நிமிஷம் போதும். சூடு உள்ள போய்ச் சேரறதுக்குள்ள நீ எடுத்துட்ட."

அவர் சொன்னதுதான் விஷயம். பக்கோடாவின் மேல்தோல் எண்ணெயைத் தொட்டபடியே இருப்பதால் அங்கிருக்கும் ஈரம் உடனே ஆவியாகி, தோல் காய்ந்து சிவக்கிறது. உள்ளே ஈரம் இருக்கும்வரை நடுப்பகுதியின் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் நிற்கும், அதைத் தாண்டாது. தோலிலிருந்து நடுவுக்குச் சூடு மெதுவாகத்தான் நகரும். எண்ணெயை 180லிருந்து 220க்கு ஏற்றினால் தோல் கருகுவதுதான் வேகமாகும், நடு வேகும் நேரம் பெரிதாகக் குறையாது. பருமனும் சேர்ந்தால் இன்னும் மோசம். உருண்டையின் பருமன் இரண்டு மடங்கானால், நடுவுக்குச் சூடு போகக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். எலுமிச்சம்பழ அளவு உருண்டை முதல் ஈட்டிலேயே தோற்றதற்கு இதுவும் காரணம்.

மாவு: தண்ணீர் தெளித்தால் போதும்

நான்கு பேருக்கு: பெரிய வெங்காயம் 3 (சுமார் 300 கிராம்), கடலை மாவு ஒரு கப், அரிசி மாவு 2 மேசைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக, மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, சோம்பு அரைத் தேக்கரண்டி, பச்சை மிளகாய் 2, ஒரு துண்டு இஞ்சி, கறிவேப்பிலை.

வெங்காயத்தை நீளவாக்கில் மெல்லிசாக நறுக்கி, உப்புப் போட்டுக் கையால் நன்றாகப் பிசறிப் பத்து நிமிடம் வையுங்கள். இதழ் இதழாகப் பிரிந்து, அடியில் நீர் விட்டிருக்கும். அந்த ஈரமே மாவைப் பிடிக்கும். மற்றதையெல்லாம் போட்டுப் பிசறியபின், காய்ந்த மாவு ஒட்டாமல் உதிர்ந்தால் மட்டும் இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் தெளியுங்கள். கரண்டியால் எடுத்து ஊற்றுகிற பதம் வந்துவிட்டால் தண்ணீர் அதிகம். மாணவன் கரைத்தது அந்தப் பதம்தான். அவ்வளவு நீரும் ஆவியாகி வெளியேறும்வரை நடு கொழகொழப்பு விடாது. அப்படி ஆகிவிட்டால் இன்னொரு வெங்காயமும் இரண்டு கரண்டி மாவும் சேர்த்து இறுக்கிக்கொள்ளலாம்.

எண்ணெய்: சூட்டைக் கண்ணால் பார்ப்பது

அடி கனமான இரும்பு வடச்சட்டியில் அரை லிட்டர் கடலை எண்ணெய். ஆழம் இரண்டு அங்குலமாவது வேண்டும், ஆனால் சட்டியில் பாதிக்கு மேல் போகக்கூடாது. மாவு விழுந்ததும் எண்ணெய் பொங்கி எழும். சட்டியும் கரண்டியும் ஈரமில்லாமல் துடைத்திருக்க வேண்டும்.

நடுத்தரத் தீயில் காய விடுங்கள். ஐந்தாறு நிமிடம் கழித்து மிளகு அளவு மாவைக் கிள்ளிப் போடுங்கள். இந்த ஒரு சோதனையை மாஸ்டர் அந்தப் பையனை மூன்று முறை செய்ய வைத்தார். முதல் முறை மாவு அடியில் போய்க் கிடந்தது, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழிதான். சூடு போதவில்லை. ஒரு நிமிடம் கழித்துப் போட்டது அடியைத் தொட்டு, இரண்டு மூன்று விநாடியில் சுற்றிலும் குமிழியோடு மேலே வந்தது, நிறம் மாறவில்லை. பக்கோடாவுக்கு வேண்டிய சூடு இதுதான், ஏறக்குறைய 170 டிகிரி. வேண்டுமென்றே இன்னும் காயவிட்டு மூன்றாவதைப் போடச் சொன்னார். அது அடிக்குப் போகாமலே மேலே சீறிக்கொண்டு வந்து, கண்ணெதிரே பழுப்பானது. முதல் ஈடு விழுந்த எண்ணெய் அப்படித்தான் இருந்திருக்கும்.

அந்த நிலைக்குப் போய்விட்டால் அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து மறுபடி சோதியுங்கள். புகை தெரிந்தாலே அணைத்துவிட வேண்டும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, சட்டியை இரும்பு மூடியால் மூடி, ஆறும்வரை தொடாமல் விடுங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பென்றால் ஒரு எச்சரிக்கை: அதன் திரையில் 180 என்று காட்டுவது சட்டியின் அடிச்சூட்டை வைத்துத்தான், எண்ணெயின் சூடு அதுவாக இருக்காது. அங்கேயும் கிள்ளிப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பொரிப்பது: சத்தத்தைக் கேளுங்கள்

மாவை உருட்டாமல் விரல் நுனியால் எடுத்து, நெல்லிக்காய் அளவுக்கு மிஞ்சாமல் உதிரியாக விடுங்கள். ஒரு ஈட்டுக்கு ஏழெட்டு போதும், இடையில் எண்ணெய் தெரிய வேண்டும். சட்டியை நிறைத்தால் சூடு ஒரேயடியாக இறங்கி, சிம்மில் போட்டது போலவே எண்ணெய் குடிக்கும்.

அளவாகப் போட்டாலும் சூடு கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதனால் போட்டதும் அரை நிமிடம் தீயைக் கூட்டி, பிறகு நடுத்தரத்துக்குக் கொண்டுவாருங்கள். முதல் ஒரு நிமிடம் கரண்டியால் தொடக்கூடாது. மேல் கொஞ்சம் இறுகிய பிறகு திருப்பிவிடுங்கள். மொத்தம் நான்கு முதல் ஐந்து நிமிடம் ஆகும்.

நிறத்தை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். தொடக்கத்தில் பெரிய பெரிய குமிழி, படபடவென்ற சத்தம். அது முழுக்க மாவிலிருந்து வெளியேறும் நீராவி. உள்ளே வேக வேக, குமிழி சின்னதாகிச் சத்தம் அடங்கிக்கொண்டே வரும். பொன்னிறமும் அடங்கிய சத்தமும் சேர்ந்து வந்தால் எடுக்கலாம். சிவந்தும் சத்தம் குறையவில்லை என்றால் தீ அதிகம், குறைத்துவிட்டு இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள். முதல் ஈட்டில் ஒன்றை எடுத்துப் பிட்டுப் பாருங்கள். மாவு இழுபடாமல், வெங்காய இழை தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

அடுத்த ஈட்டுக்கு முன் மிதக்கும் மாவுத்துகளை ஜல்லிக்கரண்டியால் அரித்து எடுங்கள். அவை கருகினால் எண்ணெய் கசக்கும். பக்கோடா எடுத்த சட்டி வெறும் எண்ணெயோடு அடுப்பில் இருக்கும்போது சூடு மளமளவென்று ஏறும், ஆகவே ஒவ்வொரு ஈட்டுக்கும் கிள்ளிப் போட்டுப் பார்த்துவிட்டே போடுங்கள்.

முதல் ஈட்டில் வேகாமல் போன உருண்டைகளை அவன் குப்பையில் போடப் போனான். மாஸ்டர் தடுத்தார். ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிட்டு, சற்றே சூடு குறைந்த எண்ணெயில் போட்டு இரண்டு நிமிடம் விடச் சொன்னார். திறந்த பக்கம் நேராக எண்ணெயில் பட்டதால், ஏற்கெனவே சிவந்த தோல் கருகுவதற்குள் நடு வெந்துவிட்டது.